குடித்தவன் கழற்றிய கடிகாரம்

சம்பவம் நடந்த நாள்: 2016 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல். இடம்: ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதி. இறந்தவர்: அச்சு இயந்திரம் ஓட்டுபவர், கையில் எப்போதும் மை இருந்ததால் ‘மைக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர், வயது ஐம்பத்தொன்று. குற்றம் சாட்டப்பட்டவர்: அதே அச்சகத்தில் காகிதம் வெட்டுபவர், கோடு பிசகாமல் வெட்டுவதால் ‘ஸ்கேல்’, வயது முப்பத்தெட்டு. ஆயுதம்: ஒட்டிய புத்தக அடுக்கின் மேல் பாரத்துக்கு வைக்கும் இரும்புக் கட்டை. அடி: ஒன்று. இறப்பு: மார்ச் 14, மருத்துவமனையில். குற்றச்சாட்டு: கொலை. பிரதிவாதி தரப்பு வழக்கறிஞர்: சட்ட உதவி மையம் நியமித்தவர், பெண், வயது நாற்பத்தாறு.

இந்தக் குறிப்பு அந்த வழக்கறிஞரைப் பற்றியது.

நீதிமன்ற வளாகத்தில் அவருக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர். பெயர் வைத்தது எழுத்தர்கள். அது நிலைத்துப் போனதற்குக் காரணம் அவரே. வாய்தா ஏன் தள்ளிப் போனது, சாட்சி ஏன் இடது வாசலால் வந்தார், மின்விசிறி ஏன் நீதிபதி வந்த பிறகே சுழல்கிறது என்று எதையும் கேட்காமல் விடமாட்டார். ஒளிநகல் கடை ஒன்றின் மாடியில் அவருடைய அலுவலகம். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசைக் கண்ணாடி நடுங்கும். கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்களின் வழக்குகளே பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றில் பாதியிலாவது யாராவது குடித்திருப்பார்கள்.

அவருடைய முதல் குடிகாரக் கட்சிக்காரர் ஒரு மிதிவண்டித் திருடர். சந்தை வாசலில் நின்ற வேறொருவரின் வண்டியைப் போதையில் எடுத்துப் போனதாக வழக்கு. “குடித்திருந்தார், அதனால் மன்னிக்க வேண்டும்” என்று அப்போது புது வழக்கறிஞராக இருந்த ஏன் மேடம் உருக்கமாகப் பேசத் தொடங்க, நடுவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “குடிச்சதை நீங்க ஒரு தகுதி மாதிரி சொல்றீங்களே அம்மா. திருடணும்னு நினைச்சாரா இல்லையா, அதைச் சொல்லுங்க.” அப்போதுதான் அவர் தம் கட்சிக்காரரிடம் முதல்முறையாக ஏன் என்று கேட்டார். அந்த ஆள் அரைமணி நேரம் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சாவியாலேயே அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்திருக்கிறார். பிறகு பூட்டோடு தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கே கொண்டு போய், வாசலில் எல்லாரும் பார்க்க நிறுத்தியிருக்கிறார். அவருடைய சொந்த வண்டி, அதே நிறம், சந்தை வாசலிலேயே நின்றிருந்தது. திருட நினைப்பவன் தன் சாவியைப் போட்டுப் பார்ப்பானா? விடுதலை கிடைத்தது. போதை அவரைக் காப்பாற்றவில்லை, சாவிதான் காப்பாற்றியது. இந்த வேறுபாட்டைத் தாம் நன்றாகப் புரிந்துகொண்டதாகவே ஏன் மேடம் அடுத்த பதினெட்டு ஆண்டுகளும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஸ்கேலின் வழக்கு அவரிடம் வந்தபோது கூடவே அவனுடைய அக்காவும் வந்தார். அக்கா தையல்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்க, கடையிலிருந்து நேராக வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிட்டது.

“மேடம், என் தம்பி சத்தியமா சுயநினைவுல இல்ல. அன்னைக்கு அச்சகத்துல பெரிய ஆர்டர் முடிஞ்ச விருந்து. வயிறு முட்டக் குடிச்சிருக்கான். குடிச்சவனுக்கு என்ன தெரியும்? அதைச் சொன்னா விட்டுடுவாங்கல்ல?”

“விடமாட்டாங்க.”

“அப்ப யாரோ அவனுக்குத் தெரியாம கலந்து குடுத்துட்டாங்கன்னு சொல்லுவோம்.”

“அது நிஜமா இருந்தா வேற கதை. ஒருத்தருக்குத் தெரியாம கலந்தோ, வலுக்கட்டாயமாவோ ஊத்தி, அவர் தான் செய்யறது என்னன்னே புரியாத நிலைக்குப் போயிருந்தா சட்டம் இரக்கம் காட்டும். உங்க தம்பி கிளாஸை நீட்டி நீட்டி வாங்கினதை எத்தனை பேர் பார்த்திருக்காங்க?”

அக்கா நாடாவின் நுனியை விரலில் சுற்றினார். “எல்லாரும்” என்றார்.

“பாட்டிலைத் திறக்கும்போது புத்தி இருந்துச்சு இல்லையா? அந்தப் புத்தியைச் சட்டம் அடகு பிடிச்சு வெச்சுக்கும். தலையில இரும்பால அடிச்சா உயிர் போகலாம்னு தெளிவா இருக்கிற எவனுக்கும் தெரியும். அதனால உங்க தம்பிக்கும் தெரிஞ்சிருந்ததாத்தான் எடுத்துக்கும். குடிச்சவனெல்லாம் ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்லித் தப்பிச்சா, அடிக்கப் போற ஒவ்வொருத்தனும் முதல்ல ஒரு பாட்டில் வாங்கிட்டுத்தான் போவான்.”

“அப்ப எல்லாம் முடிஞ்சுதா?”

“இல்லம்மா. தெரிஞ்சிருந்ததுன்னு எடுத்துக்கும். ஆனா கொல்லணும்னு நினைச்சாருன்னு தானா எடுத்துக்காது. அதை அரசுத் தரப்புதான் நிரூபிக்கணும். நிரூபிச்சா ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். நிரூபிக்கலைன்னா குற்றம் ஒரு படி இறங்கும். சில வருஷத்துல வீடு திரும்பலாம்.”

“தெரியறதும் நினைக்கறதும் வேற வேறயா மேடம்? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படுது.”

ஏன் மேடம் அவருடைய விரல்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் பழைய ஊசித் தழும்பு. “தைக்கும்போது ஊசி விரல்ல ஏறலாம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா? ஏறியே இருக்கே.”

“ஏத்திக்கணும்னு நினைச்சா உட்கார்ந்து தைச்சீங்க?”

அக்கா தம் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தெளிவாக விளக்கியவர்தான் அடுத்து ஒரு தவற்றைச் செய்தார். வழக்கறிஞர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. மிதமிஞ்சிய போதையில் ஒருவனால் எண்ணத்தையே உருவாக்க முடியாமல் போயிருந்தால் கொலை எண்ணமும் இருந்திருக்காது என்று வாதிடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த இடம் ஊசியின் காதளவுதான். வெறும் தள்ளாட்டம் போதாது. எண்ணவே இயலாத நிலை என்று காட்ட வேண்டும். ஏன் மேடம் அந்தக் காதுக்குள் ஸ்கேலை முழுதாக நுழைத்துவிடப் பார்த்தார்.

முதல் சாட்சி, காகிதம் மடிக்கும் பெண். “அவரால நிக்க முடிஞ்சுதா?” “தள்ளாடினார்.” “கிளாஸைப் பிடிக்க முடிஞ்சுதா?” “சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டார்.” “பேசினது புரிஞ்சுதா?” “பாதி புரியல.” ஒவ்வொரு பதிலுக்கும் அவர் மனத்துக்குள் ஒரு செங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சுவர் நன்றாக எழும்பியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்படின்னா எழுந்து போனப்ப அவர் என்ன செய்யறார்னு அவருக்கே தெரிஞ்ச மாதிரி இல்லை?” என்று கடைசியாக ஒன்று கேட்டார்.

“அது தெரியல மேடம். எழுந்து போனார், கடிகாரத்தைக் கழட்டினார், சுவத்து ஆணியில மாட்டினார். அப்புறம்தான் மைக்காரண்ணன் போய்...” அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டார்.

அரசு வழக்கறிஞர் அவசரமே இல்லாமல் எழுந்தார். நல்ல மனிதர், மதிய இடைவேளையில் ஏன் மேடத்துடன் தேநீர் குடிப்பவர். “ஆக, நிற்கவே முடியாதவர் கடிகாரத்தைப் பத்திரமாக ஆணியில் மாட்டினார். சண்டைக்குப் போகிறவர்கள் கழற்றிவைப்பது போல?” ஏன் மேடம் ஆட்சேபம் தெரிவித்தார், நீதிபதி அந்தக் கேள்வியை நீக்கினார். நீக்கப்பட்ட கேள்வி நீதிமன்றத்தில் எல்லார் காதிலும் ஒலித்துக்கொண்டே இருந்தது. மைக்காரர் எல்லார் முன்னிலையிலும் ஸ்கேலைக் கிண்டல் செய்ததும், அவன் அதற்குக் கோபப்பட்டு எழுந்ததும் அந்தப் பெண்ணின் முதல் விசாரணையிலேயே பதிவாகியிருந்தன. கிண்டல், கோபம், கடிகாரம், இரும்பு: அரசுத் தரப்புக்கு ஒரு கோர்வை கிடைத்துவிட்டது. கிடைக்கச் செய்தது அவருடைய கேள்வி.

தேநீர்க் கடையில் அரசு வழக்கறிஞர் சர்க்கரையைக் கலக்கியபடி, “நான் கேட்க மறந்ததை நீங்க கேட்டுக் குடுத்துட்டீங்க. இன்னைக்கு டீ என் செலவு” என்றார்.

“வேண்டாம். உங்க டீ எனக்கு ஜீரணமாகாது” என்றார் ஏன் மேடம்.

வீட்டில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை நடத்துபவர், கடையை அடைத்து வந்து சமைப்பது அவர் பங்கு.

“என்னங்க, ஒருத்தர் எதுக்கெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழட்டுவார்?”

“குளிக்க. தூங்க. பாத்திரம் கழுவ. கல்யாணமான புதுசுல நேரத்தை மறக்க.”

“விளையாடாதீங்க.”

“உன் ஆளு சண்டைக்குக் கழட்டலைன்னு உனக்கு யார் சொன்னா? கழட்டியிருக்கலாமில்ல, வக்கீலே?”

யாரும் சொல்லியிருக்கவில்லை. அதுதான் உறுத்தியது. கட்சிக்காரரைக் காப்பாற்றும் விடை கிடைக்குமா என்பதைவிட, உண்மையில் அந்தக் கை ஏன் கழற்றியது என்பதே அவரை அரித்தது. கிடைக்கும் விடை ஸ்கேலை ஆயுளுக்கும் உள்ளே தள்ளுவதாகவும் இருக்கலாம். இருந்தாலும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

சிறைப் பேட்டி அறையில் ஸ்கேலுக்கு ஒன்றும் நினைவில்லை. “மைக்காரண்ணன் ஏதோ சொல்லிச் சிரிச்சது ஞாபகம் இருக்கு மேடம். அடுத்து ஞாபகம் வந்தது ஸ்டேஷன் தரை. எனக்கு ஞாபகமே இல்லைங்கறது உதவுமா?”

“உதவாது. இப்ப மறந்துபோனதால அப்ப நினைக்கலைன்னு ஆயிடாது. நேத்து ராத்திரி சாப்பிட்டதை நான் மறந்துட்டா சாப்பிடலைன்னு ஆயிடுமா?”

அவன் கையெழுத்திட வேண்டிய தாள்களை அவர் நீட்டினார். எழுதி முடித்ததும் அவன் அவற்றை மேசையில் நிமிர்த்தித் தட்டினான். நீளவாக்கில் இரண்டு தட்டு, அகலவாக்கில் இரண்டு தட்டு. நான்கு ஓரமும் ஒரே தாள்போல் நேராயின. தட்டுவதற்கு முன்பு அவன் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாததால் திரும்பியது.

“இப்ப என்ன செஞ்சீங்க?”

“என்ன செஞ்சேன்?” என்று அவன் உண்மையாகவே விழித்தான்.

மறுநாளே அச்சகத்துக்குப் போனார். இரும்புக் கதவு, ஒட்டுப்பசை வாசனை, காலில் சிக்கும் காகிதச் சுருள்கள். வெட்டும் இயந்திரத்தில் இப்போது வேறொருவர் நின்றிருந்தார். கட்டு ஒன்றைத் தூக்கி வருவதற்கு முன் அவர் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, கையெட்டும் தூரத்தில் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். ஏன் மேடம் அந்த ஆணியின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

“அது இங்க சட்டம்மா,” என்றார் பக்கத்தில் வந்த மேஸ்திரி. “மோதிரம், கடிகாரம், கயிறு எதுவும் கையில இருக்கக் கூடாது. மெஷின்ல மாட்டினா கையோட போயிடும். கழட்டாம கிட்ட வந்தா நானே கத்துவேன்.”

“ஸ்கேலும் கழட்டுவாரா?”

“அவனா? பதினாலு வருஷப் பழக்கம். தூக்கத்துல மெஷின் கிட்ட நிறுத்தினாலும் முதல்ல கழட்டுவான்.”

“அன்னைக்கு மைக்காரர் என்ன சொல்லிக் கிண்டல் பண்ணினார்?”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “முந்தின நாள் நோட்டு அட்டை ஒரு லாட்டு முழுசையும் மூணு மில்லிமீட்டர் குறைச்சு வெட்டிட்டான். அதைத்தான், ‘ஸ்கேலே கோணிப் போச்சுடா, இனிமே உன்னை வளையல்னு கூப்பிடலாம்’னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.” சற்று நிறுத்தினார். “அடுத்த வாரம் போலீஸ் அச்சகத்தைத் திறந்துவிட்டப்ப மெஷின்ல ஒரு கட்டு அட்டை மாட்டினபடியே இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்.”

“அளவு?”

“வெச்சிருந்தான். ஒரு முடி பிசகல.”

“இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?”

“இது வேலைம்மா. அடிதடி கேசுக்கு இது எதுக்கு?”

மாடி அலுவலகத்தில் காவல்துறை எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரத்தக் கறைக்குப் பின்னால், மங்கலாக, இயந்திரத்தின் அழுத்துப் பலகைக்கடியில் ஒரு வெள்ளைக் கட்டு. அவ்வளவு நாள் அவர் கறையை மட்டுமே பார்த்திருந்தார்.

இனிச் சிக்கல் வேறு. அட்டைக் கட்டைச் சரியான அளவில் மாட்டியவன் எதையும் எண்ண இயலாத நிலையில் இருந்தான் என்று இனி எந்த வாயால் சொல்வது? அட்டைக் கட்டைக் காட்டினால் போதை வாதம் அங்கேயே செத்துவிடும். காட்டாவிட்டால் கடிகாரம் சண்டைக்கான முன்னேற்பாடாகவே நிற்கும். இரண்டையும் மாற்று வாதங்களாக அடுக்கி வைக்கலாம், பலர் வைப்பார்கள். ஆனால் ஒன்றை நம்பினால் மற்றொன்றை நம்ப முடியாது என்பது கேட்பவருக்குப் புரியாமல் போகாது.

அக்காவை அழைத்துச் சொன்னார். அக்கா கொதித்துவிட்டார்.

“இருக்கிற ஒரே பிடியையும் நீங்களே விடச் சொல்றீங்களா? குடிச்சிருந்தான்ங்கறதைத் தவிர அவனுக்கு வேற என்ன இருக்கு?”

“அவர் கை என்ன செஞ்சுதுங்கறது இருக்கு.”

“கைதானே மேடம் கொன்னுச்சு!”

ஏன் மேடம் படக் கோப்பை எடுத்துக்கொண்டார். சிறைக்குப் போய் ஸ்கேலிடம் கேட்டார், முடிவு அவனுடையது. முழுவதையும் கேட்டுவிட்டு அவன் வேறொன்றைக் கேட்டான்.

“அப்ப மைக்காரண்ணன் எதுக்கு என் கிட்ட வந்தாரு?”

“தெரியல. மேஸ்திரி பார்த்திருக்கார், அதை நான் இன்னும் கேட்கல.”

“அட்டைக் கட்டைக் காட்டிடுங்க, அதையும் கேளுங்க மேடம். எனக்கும் தெரியணும்.”

மேஸ்திரி சாட்சிக் கூண்டில் ஏறிய நாளில் அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அளவு நாடாவைக் கைக்குள் சுருட்டியபடி. ஏன் மேடம் ஆணியிலிருந்து தொடங்கினார். விதி, பழக்கம், அட்டைக் கட்டு, அளவு. காவல்துறைப் படத்தைக் காட்டி அந்தக் கட்டு அதுதானா என்று கேட்டார். அதுதான் என்றார் மேஸ்திரி. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

“வழக்கறிஞர் அம்மா, முதல் சாட்சியிடம் இவர் தன்னிலையில் இல்லை என்றீர்கள். இன்று அளவு பிசகாமல் இயந்திரத்தை அமைத்தார் என்கிறீர்கள். எதை நான் எடுத்துக்கொள்ள?”

பின்னால் அக்காவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஏன் மேடம் திரும்பிப் பார்க்கவில்லை.

“இரண்டாவதை, ஐயா. எண்ண இயலாத அளவு போதை என்ற வாதத்தைக் கைவிடுகிறேன். அவரால் எண்ண முடிந்தது. என்ன எண்ணினார் என்பதே என் கேள்வி. குடித்தவன் எண்ணமும் எண்ணம்தான். அப்படியானால் அதைத் தெளிந்தவன் எண்ணத்தைப் பார்ப்பது போலவே அவன் செயலிலிருந்து பார்க்க வேண்டும்.”

“தொடருங்கள்.”

“மேஸ்திரி, அவர் எங்க போனார்?”

“மெஷினுக்கு. ‘இப்ப வெட்டிக் காட்டறேன் பாரு’ன்னு சொல்லிட்டே போனான். அட்டையை மாட்டி அளவு வெச்சான்.”

“மைக்காரர்?”

“அதைப் பார்த்துட்டு ஓடினாரு. ‘டேய் டேய், போதையில பிளேடு கிட்ட போகாதடா, கை போயிடும்’னு தோளைப் பிடிச்சு இழுத்தாரு. இவன் உதறினான். அவர் விடல. பக்கத்துல அடுக்கு மேல இருந்த இரும்பு கையில மாட்டுச்சு, திரும்பாமலே பின்னால வீசினான். யார் பிடிச்சதுன்னு பார்த்தானான்னுகூட எனக்குத் தெரியாது.”

ஸ்கேல் குற்றவாளிக் கூண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினான். பேச்சு இல்லை, இருமல்போல் ஒன்று. பிறகு இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அரசு வழக்கறிஞர் விட்டுவிடவில்லை. “இரும்பின் கனம் அவருக்குத் தெரியுமா?” “தினமும் தூக்கறதுதாங்க.” “தலையில் பட்டால் என்ன ஆகும் என்பது?” “யாருக்குத்தாங்க தெரியாது?” அந்தக் கேள்விகளை ஏன் மேடம் தடுக்கவில்லை. தடுக்க எதுவும் இல்லை.

இடைவேளையில் அரசு வழக்கறிஞர் அவருக்கு முன்பே தேநீர்க் கடையில் நின்றிருந்தார். “அந்த ஆணியைப் பார்க்க எதுக்குப் போனீங்க?” என்று கேட்டார்.

“தெரிஞ்சுக்கத்தான்.”

“எனக்குச் சாதகமா இருந்திருந்தா?”

“அப்பவும் தெரிஞ்சிருக்கும்.”

தீர்ப்பு 2018 ஏப்ரல் 11 அன்று வாசிக்கப்பட்டது. தானாக விரும்பிக் குடித்த ஒருவர், தெளிவாக இருப்பவருக்கு இருக்கக்கூடிய அறிவு தமக்கு இல்லை என்று சொல்ல முடியாது என்றது அது. இரும்பு தலையில் பட்டால் உயிர் போகக்கூடும் என்பதை இவர் அறிந்திருந்ததாகவே கொள்ள வேண்டும். எண்ணத்தை அப்படி ஊகித்து ஏற்றிவிட முடியாது. கழற்றிய கடிகாரமும் மாட்டிய கட்டும் இவர் எண்ணம் இயந்திரத்தின் மேல் இருந்ததைக் காட்டுகின்றன. கொல்லவோ, குறிப்பிட்ட அந்தக் காயத்தை ஏற்படுத்தவோ எண்ணினார் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை. கொலைக் குற்றம் நிற்கவில்லை. மரணம் நேரலாம் என்ற அறிவோடு மரணம் விளைவித்த குற்றம் நின்றது.

தாழ்வாரத்தில் அக்கா வந்து எதிரே நின்றார். நன்றி சொல்லவில்லை, ஏன் மேடம் எதிர்பார்க்கவும் இல்லை.

“மைக்காரர் பொண்டாட்டி என் கடையிலதான் ரவிக்கை தைப்பாங்க,” என்றார். “அவங்க வீட்டுக்குப் போகணும். அவர் எதுக்கு ஓடினார்னு அவங்களுக்கு யாராவது சொன்னாங்களா?”

“இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

“அப்ப நான் சொல்றேன்.” நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பாதியில் திரும்பினார். “அந்தக் கடிகாரத்தைத் திருப்பித் தருவாங்களா மேடம்?”

“மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சதும் மனு போடுவோம். ஏன்?”

பழக்கத்தில் வாயில் வந்த கேள்வி. அவர்தான் எல்லாரிடமும் கேட்பவர். “வெளிய வந்தா கழட்டி மாட்ட அவனுக்கு ஒண்ணு வேணும்ல?” என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். ஏன் மேடம் உள்ளே திரும்பி, தண்டனை விவரத்தை எழுத்தரிடம் கேட்டுத் தம் வழக்குப் பதிவில் எழுதிக்கொண்டார்.

தண்டனை ஏழு ஆண்டு. விசாரணைக் காலத்தில் சிறையில் கழிந்தது இரண்டு ஆண்டு ஒரு மாதம். மீதம் நான்கு ஆண்டு பதினொரு மாதம்.